டிசம்பர் மாதத் தவணைக்கு 17-ஆம் தேதி வரை அவகாசம் கேட்டு

ஒட்டன்சத்திரம்
1-12-2025

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
வாகனக் கடன் பிரிவு,
ஒட்டன்சத்திரம் கிளை.

பொருள்: சரக்கு வண்டிக் கடன் (கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 4172), 5-12-2025 அன்று கட்ட வேண்டிய ரூ. 14,650.

ஐயா,

வணக்கம். 2024 மார்ச்சிலிருந்து உங்கள் கிளையில் தவணை கட்டி வருகிறேன். மொத்தம் 48 தவணையில் போன மாதத்தோடு 21 முடிந்தது. போன வருடம் ஜூலையில் ஒரு முறை நான்கு நாள் தள்ளிக் கட்டினேன். அதைத் தவிர என் கணக்கில் பாக்கி என்று எதுவும் இருந்ததில்லை.

இந்த மாதம் 5-ஆம் தேதி முழுத் தவணையையும் கட்ட முடியாத நிலையில் இருக்கிறேன். நவம்பர் 19 இரவு பாலக்காட்டில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பொள்ளாச்சி தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. இருட்டில் கவனிக்கவில்லை. சூடு காட்டும் முள் மேலே ஏறியதைப் பார்த்து ஓரம் கட்டுவதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, 29-ஆம் தேதி மாலைதான் வண்டி வெளியே வந்தது. பத்து நாள் ஓட்டம் இல்லை. அதுவும் கார்த்திகை மாதத்தில். சபரிமலை சீசனில் கேரளாவுக்குத் தினமும் லோடு கிடைக்கும் நேரம் என்பது உங்களுக்கே தெரியும்.

செலவு ரூ. 34,800 ஆனது. சாமானுக்கு 21,300, கூலியும் லேத்தும் சேர்த்து 13,500. தவணைக்கென்று கணக்கில் போட்டு வைத்திருந்த 14,650-ஐ அப்படியே எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன். வீட்டில் இருந்தது 12,150. மீதி 8,000 அவருக்கு இன்னும் பாக்கி. தவணைப் பணத்தில் கை வைத்தது சரியில்லைதான். ஆனால் வண்டி ஓடாமல் நின்றால் அடுத்த தவணையும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால் அப்படிச் செய்தேன்.

நேற்றிலிருந்து வண்டி லோடு ஏற்றுகிறது. நான் ஓட்டும் மண்டியில் வாடகைக் கணக்கை 15-ஆம் தேதியும் மாதக் கடைசியிலும் முடிப்பார்கள். டீசலுக்கு அவ்வப்போது வாங்கும் முன்பணம் கழித்து, 15-ஆம் தேதி கைக்கு சுமார் 24,000 வரும். ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் 17-ஆம் தேதிக்குத் தவறாது.

அதனால் ரூ. 5,000-ஐ 5-ஆம் தேதி காலையிலேயே கிளையில் நேரில் கட்டிவிடுகிறேன். மீதி ரூ. 9,650-ஐ 17-12-2025 புதன்கிழமை கட்டுகிறேன். ஜனவரித் தவணை வழக்கம்போல 5-ஆம் தேதியே வரும், அதில் மாற்றம் இல்லை.

5-ஆம் தேதி இசிஎஸ் போடுவதை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். போட்டால் பணம் இல்லாமல் திரும்பும். என் வங்கி ஒரு பக்கம், உங்கள் பக்கம் ஒன்று என இரண்டு அபராதம் விழும். அந்தப் பணம் தவணைக்குப் போனால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. சிஸ்டத்தில் அது முடியாது என்றால் 3-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள், அதற்குள் வேறு வழி பார்க்கிறேன்.

தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடிந்தால் உதவியாக இருக்கும். முடியாவிட்டால் 9,650-க்கு 12 நாளுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், 17-ஆம் தேதி சேர்த்தே கட்டுகிறேன். அதைக் கடன் தொகையில் ஏற்றி வட்டி போட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதியும் அப்படித்தான் இருக்கிறது என்று அறிகிறேன்.

இன்னொன்று. ஜாமீன் போட்டிருப்பவர் என் மாமா. போன மாதம்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். வசூல் பிரிவில் இருந்து பேச வேண்டுமென்றால் தயவுசெய்து என் எண்ணுக்கே கூப்பிடச் சொல்லுங்கள். ஓட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது, ஆனால் வண்டி நின்றதும் நானே திரும்ப அழைப்பேன்.

ஒர்க்ஷாப் பில்லின் நகலும், மண்டியில் எழுதிக் கொடுத்த வாடகைக் கணக்குச் சீட்டும் இணைத்திருக்கிறேன். நாளை மாலை 4 மணிக்கு மேல் ஊரில்தான் இருப்பேன், நேரில் வரச் சொன்னால் வருகிறேன். சம்மதம் என்றால் கடிதமாகவோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராசு
(கடன்தாரர்)

இணைப்பு: ஒர்க்ஷாப் பில் நகல், மண்டி வாடகைச் சீட்டு