அம்பாசமுத்திரம் ஆலை விரிவாக்கம்: ஒப்புதல் தர வேண்டாம் எனப் பரிந்துரை

பெறுநர்: இயக்குநர் குழு உறுப்பினர்கள்
அனுப்புநர்: நிதிப் பகுப்பாய்வாளர், நிதிப் பிரிவு
நாள்: 14 நவம்பர் 2025
பொருள்: இரண்டாவது புழுங்கல் அரிசி வரிசை (மணிக்கு 4 டன் நெல்), முதலீட்டு மதிப்பீடு

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

இப்போதுள்ள வடிவத்தில் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்பது என் பரிந்துரை. 13 சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தால் அதன் நிகர நடப்பு மதிப்பு மைனஸ் 31 லட்சம் ரூபாய் வருகிறது. திட்டத்தின் சொந்த வருவாய் விகிதம் 12.4 சதவீதம். பள்ளம் சிறியதுதான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இயந்திரங்களுக்கு 8.20 கோடி, கட்டடத்துக்கு 2.30 கோடி, பாய்லருக்கும் மின் இணைப்புக்கும் 1.50 கோடி, நெல் இருப்பு வைக்க நடைமுறை மூலதனம் 1.50 கோடி. ஆக, தொடக்கத்தில் போடுவது 13.50 கோடி. வரி போக முதல் ஆண்டில் 1.60 கோடி, இரண்டாம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 2.75 கோடி கைக்கு வரும். எட்டாம் ஆண்டு முடிவில் நடைமுறை மூலதனமும் பழைய இயந்திரங்களை விற்ற பணமுமாக 2.70 கோடி திரும்பும். 13 சதவீதம் என்பது நானாக வைத்த எண் இல்லை. பாதிப் பணம் வங்கிக் கடன், 10.5 சதவீத வட்டி வரிச்சலுகைக்குப் பின் சுமார் 7.9 ஆகிறது. மறுபாதி பங்குதாரர் பணம். அதற்கு 18 சதவீதம் எதிர்பார்ப்பது என்று சென்ற ஆண்டு இந்தக் குழுவே முடிவு செய்தது. இரண்டின் சராசரி கிட்டத்தட்ட 13.

உற்பத்திப் பிரிவு தந்த குறிப்பில், எட்டு ஆண்டில் மொத்தம் 23.55 கோடி வருகிறது, போட்டதைவிட 10 கோடி அதிகம் என்று இருக்கிறது. கூட்டல் சரிதான். ஆனால் எட்டாம் ஆண்டு வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 38 காசுக்கும் குறைவு. போட்ட பணம் திரும்பவே ஐந்தேகால் ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை வங்கிக்கும் பங்குதாரருக்கும் கொடுக்க வேண்டியதைக் கழித்தால் அந்த 10 கோடி முழுவதும் போய், அதற்கும் மேலே 31 லட்சம் துண்டு விழுகிறது. திட்டம் ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் புத்தகத்தில் லாபம் காட்டும். ஆனாலும் பங்குதாரரின் சொத்து அந்த அளவுக்குக் குறையும்.

"13.50 கோடியில் 31 லட்சம் என்ன பெரிய தொகை, சற்று இழுத்துப் பிடித்தால் வந்துவிடுமே" என்று முன்கூட்டத்தில் ஓர் இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் பார்த்தேன். குவிண்டால் நெல்லுக்கு 6 ரூபாய் கூடுதல் லாபம் கிடைத்தால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். தரகர் அண்ணாச்சியிடம் ஒரு காலைப் பேச்சில் ஏறி இறங்குகிற தொகை அது. அந்த 6 ரூபாயை எழுதிச் சேர்த்துத் திட்டத்தைப் பச்சையாக்கிக் காட்டுவது எனக்குக் கடினமில்லை. ஆனால் அதே பேச்சு 20 ரூபாய் எதிர்ப்பக்கம் போனால் இழப்பு இன்னும் 1 கோடிக்கு மேல் கூடும். எந்தப் பக்கம் போக வாய்ப்பு அதிகம் என்பதே குழு பார்க்க வேண்டியது.

என் பார்வையில் அது இறங்கு பக்கம். காரணம், மைனஸ் 31 லட்சம் என்பதே எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரும் எண். ஆண்டுக்கு 280 நாள், நாளுக்கு 16 மணி நேரம் வரிசை ஓடும் என்பது அடிப்படை அனுமானம். அதாவது 17,920 டன் நெல். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களும் எட்டு ஆண்டும் தவறாமல் கைகொடுத்தால்தான் அது நடக்கும். பிசானம் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. கார் அப்படியில்லை. தென்மேற்குப் பருவமழை பெய்து பாபநாசம் அணையில் நீர் ஏறினால்தான் ஜூனில் கால்வாய்களில் தண்ணீர் விடுவார்கள்; இல்லையென்றால் அம்பை 16 போன்ற குறுகிய கால நெல்லைக்கூட நாற்றுவிட முடியாது. அணையின் முழு மட்டம் 143 அடி. நம் கொள்முதல் பிரிவினர் மே மாதம் முழுவதும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாடு அரசு மாநிலத்தை வறட்சி பாதித்ததாக அறிவித்த காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுபுறம் 2023 டிசம்பர் வெள்ளம். கிட்டங்கியில் அடிவரிசை மூட்டைகள் முளைவிட்டதை நான் நேரில் பார்த்தேன்.

கார் பொய்த்த ஆண்டில் வெளி மாவட்ட நெல்லை லாரியில் இறக்கி வரிசையை ஓட்டலாம். வாடகை லாபத்தைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் வரவு 1 கோடி குறையும் என்று கொண்டு, எட்டில் இரண்டு ஆண்டு (மூன்றாவது, ஆறாவது) மட்டும் தவறினால் நிகர நடப்பு மதிப்பு மைனஸ் 1.48 கோடியாகிறது. நம் நாட்டு மழையை அறிந்தவர்களுக்கு எட்டில் இரண்டு என்பது மிகையாகத் தோன்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரிசை அமையவிருக்கும் காலி மனையை நம்முடையது என்பதால் இலவசமாக எடுத்துக்கொண்டோம். அதைக் கிட்டங்கி போட ஆண்டுக்கு 9 லட்சம் வாடகைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். எழுத்துப்பூர்வமாக இன்னும் வராததால் முதன்மைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால், வரி போக, பள்ளம் மைனஸ் 63 லட்சம் ஆகும். மண் பரிசோதனைக்கும் வரைபடத்துக்கும் ஏற்கெனவே செலவான 22 லட்சத்தை இதில் எங்கும் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. முடிவு எதுவானாலும் அந்தப் பணம் திரும்பாது. "இவ்வளவு செய்தாயிற்றே" என்பது மேலும் 13.50 கோடி போடுவதற்குக் காரணமாகாது.

இதில் எனக்குச் சங்கடமான பகுதி வேலைவாய்ப்பு. புதிய வரிசையில் 34 பேருக்கு வேலை என்று பேச்சு வெளியே போயிருக்கிறது. களத்தில் வேலை பார்க்கும் அக்காமார் தங்கள் பிள்ளைகளுக்காக என்னிடமே கேட்டார்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடன் தவணை கட்ட முடியாத ஓர் ஆண்டு வந்தால், இப்போது வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டியிருக்கும்.

விரிவாக்கத்தை விட்டாலும் இப்போதுள்ள வரிசைக்குப் புதிய சார்டெக்ஸ் இயந்திரம் வாங்கலாம். விலை 1.40 கோடி. கறுப்பு அரிசி, பழுப்பு அரிசி போவதால் கூடும் விலையும் மறு அரவை மிச்சமும் சேர்ந்து வரி போக ஆண்டுக்கு 34 லட்சம் கிடைக்கும். அதே 13 சதவீதத்தில், எட்டு ஆண்டில், பிளஸ் 23 லட்சம். கார் பொய்த்தாலும் இந்த மிச்சத்தில் பெரும்பகுதி நிற்கும், ஏனென்றால் இருக்கிற அரவைக்குத்தான் அது வேலை செய்கிறது. பிசான அறுவடை நெருக்கடிக்கு மட்டும் பக்கத்து ஆலைகளில் கூலி அரவை கொடுத்துச் சமாளிக்கலாம்.

குழுவிடம் கேட்பது: இரண்டாவது வரிசையை நிராகரித்து, சார்டெக்ஸுக்கு ஒப்புதல் தாருங்கள். இயந்திர விலை 7 கோடிக்குக் கீழே இறங்கினாலோ, மூன்று ஆண்டுக்குக் குறையாத நிலையான அரிசி கொள்முதல் ஒப்பந்தம் ஒன்று கையில் வந்தாலோ, கார் பொய்க்கும் ஆண்டுகளையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டுக் கொண்டுவருகிறேன். இயந்திரக் கம்பெனியின் விலைப்புள்ளி டிசம்பர் 15 வரைதான் செல்லும். அதற்குள் அவர்களுக்குப் பதில் எழுத வேண்டும்.

நிதிப் பகுப்பாய்வாளர்
அம்பாசமுத்திரம்