நேர்காணலுக்கு ஏற்பாடு செய்தவருக்கு ஒரு நன்றி மெயில்

பொருள்: வியாழக்கிழமை நேர்காணல் ஏற்பாட்டுக்கு நன்றி

சுமதி மேடம், வணக்கம்.

அக்கவுண்ட்ஸ் வேலைக்காக வியாழக்கிழமை மதுரையிலிருந்து சிறுசேரிக்கு வந்திருந்த பிரியா எழுதுகிறேன். இன்டர்வியூ எடுத்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லிவிட்டேன். இது உங்களுக்கு.

முதல் நாள் நீங்கள் போன் செய்து வழி சொன்னீர்களே, அது பெரிய உதவி. கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல், வண்டலூரிலிருந்து மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் போய்விடுங்கள் என்றீர்கள். இல்லாவிட்டால் கிண்டி வரை போய் ஓ.எம்.ஆரில் திரும்பி வந்திருப்பேன். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவளுக்கு முகம் கழுவி, புடவை மாற்றி, இரண்டு இட்லி சாப்பிட நேரம் கிடைத்தது. ஆதார் ஒரிஜினலைக் கையில் வைத்திருக்கச் சொன்னதால் கேட்டில் பாஸ் வாங்கவும் சிக்கல் இல்லை.

அப்புறம், பத்து மணி இன்டர்வியூ தள்ளிப்போனபோது நீங்களே வெளியே வந்து, "பதினொன்றரை ஆகும்மா, கேன்டீனில் உட்காருங்கள், நான் கூப்பிடுகிறேன்" என்றீர்கள். காத்திருப்பது கஷ்டமில்லை மேடம். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடவும் செய்தீர்கள்.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் உண்டு. நானும் ஒரு மருத்துவமனை ரிசப்ஷனில் வேலை பார்த்தவள். அந்த மேசைக்கு வருகிற மெயில் எல்லாம் ஏதாவது கேட்டுத்தான் வரும்: நேரத்தை மாற்றுங்கள், ரிப்போர்ட் எப்போது, ஏன் போன் எடுக்கவில்லை. வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் நம் ஞாபகம் வராது; சொதப்பினால்தான் பெயர் சொல்லித் தேடுவார்கள். எதுவுமே கேட்காமல் ஒருமுறை ஒரு நோயாளியின் மகள் நான்கு வரி அனுப்பினார். பக்கத்து சீட்டுக்காரிக்குக் காட்டினேன், சூப்பர்வைசர் அதை பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது எனக்கு முகம் தெரிந்திருந்தது.

அதனால் ரிசல்ட் பற்றி இதில் கேட்கப்போவதில்லை. அது வரும்போது வரட்டும். உங்கள் மேனேஜருக்கும் காப்பி போடலாமா என்று யோசித்தேன். வேலைக்குக் காத்திருக்கிற நேரத்தில் அது காக்கா பிடிப்பதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அப்ரைசலுக்கு உதவும் என்றால் நீங்களே தாராளமாக ஃபார்வர்ட் செய்துகொள்ளுங்கள்.

என் பையை மதியம் வரை மேசைக்கடியில் பத்திரமாக வைத்துக்கொண்ட ரிசப்ஷன் அக்காவின் பெயரைக் கேட்க விட்டுப்போச்சு. கண்ணாடி போட்டவர், அன்று பச்சைப் புடவை. அவருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

பதில் போட வேண்டும் என்றில்லை மேடம்.

இப்படிக்கு,
பிரியா
மதுரை