ஆறாவது கணக்கு

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது. படிக்கிறவர்கள் இரண்டு பேர். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் தனித்தேர்வர். அவள் பரீட்சை எழுதும் அதே நாளில், அதே வினாத்தாளை, வேறொரு பள்ளியில் உட்கார்ந்து நான் எழுதப் போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முடித்த விடுமுறையில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு அக்காவிடம் காஜா எடுக்கப் போனவள்தான். காஜா, ஊக்கு, ஃபால்ஸ், அப்புறம் சொந்தமாக ஒரு மிஷின். இப்போது எனக்கு 38 வயது. குரூப் 4 எழுத வேண்டும் என்றாலும் பத்தாவது வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. படிப்பு எதுவரை என்று யாராவது கேட்டால் "ஒன்பதாவது" என்று சொல்லும்போது என் குரல் இறங்கிவிடும். அது எனக்கு மட்டும் கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் யாருக்கும் நான் படிப்பது தெரியாது. கணக்கு டீச்சர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவை எல்லாம் பெற்றோர் எண்கள்தான். என் எண்ணும் அப்படித்தான் அதில் இருக்கிறது. அவர் பிள்ளைகளுக்காக அனுப்பும் பயிற்சித்தாளை எல்லாம் நானும் போட்டுப் பார்ப்பேன். அந்த டீச்சருக்கே தெரியாமல் அவருக்கு ஒரு மாணவி கூடுதலாக இருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பயிற்சித்தாள் வந்தது. கையால் எழுதிப் படம் எடுத்த தாள். அளவியல், பத்துக் கணக்கு. பாப்பா சிறப்பு வகுப்பு முடிந்து வர ஏழரை ஆகும். அதற்குள் கொடுக்க வேண்டிய இரண்டு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டே, போனைத் தையல் மேசையில் சாய்த்து வைத்து ஒவ்வொரு கணக்காக வாய்விட்டு வாசித்தேன். எனக்கு ஒரு தடவை வாசித்தால் ஏறாது. மூன்று தடவை, நான்கு தடவை வாசித்தால்தான் கேள்வி என்ன கேட்கிறது என்பதே பிடிபடும்.

பாப்பா வந்து, சாப்பிட்டு, எட்டே காலுக்கு உட்கார்ந்தோம். ஒரே பாய். நடுவில் போன். அவள் முதல் இரண்டையும் எழுதிக்கொண்டாள். மூன்றாவதில் எண் சரியாகத் தெரியவில்லை என்றாள். நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.

படம் போய்விட்டது.

என் விரல் அடியில் இருந்தது, இல்லாமல் போனது. அந்த இடத்தில் ஒரு சின்ன வரி மட்டும்: "இந்தச் செய்தி நீக்கப்பட்டது".

"என்னம்மா அழுத்துன?"

"ஒண்ணும் அழுத்தலயே. பெருசாக்குனேன், அவ்வளவுதான்."

"நீதான் ஏதோ தொட்டுட்ட. மத்தியானமும் எதையோ அழிச்சுக்கிட்டு இருந்தியே!"

மத்தியானம் அழித்தது உண்மைதான். போனில் இடமில்லை என்று வந்ததால், ரவிக்கை மாடல் படங்களையும் காலை வணக்கம் படங்களையும் உட்கார்ந்து அழித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கேலரியில் தேடினாள். அங்கேயும் இல்லை.

"திங்கக்கிழமை நோட்டைத் திருத்துவாங்கம்மா. உனக்கென்ன, இந்தத் தடவை போனா அடுத்த தடவை எழுதிக்குவ. எனக்கு அப்படியா?"

சொன்ன பிறகு அவளே வாயை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய்ப் பால் பாத்திரத்தைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய பாத்திரம். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அவள் பரீட்சையின் ஓரத்தில் நான் இடம் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் அவள் தாளைத் தொலைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ம்மா, இங்க வா" என்றாள்.

குழுவில் வரிசையாகக் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. படம் காணோமே, யாரிடமாவது இருக்கிறதா, அனுப்புங்கள்.

"எல்லார்கிட்டயும் போயிருச்சு. டீச்சர்தான் எடுத்திருக்காங்க. உன் போன்ல நீ என்ன அமுக்குனாலும் மத்தவங்க போன்ல இருந்து போகாது." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீ இல்லம்மா" என்றாள்.

டீச்சருக்கு இரண்டு தடவை போன் போட்டோம். எடுக்கவில்லை. மணி ஒன்பது ஆகிவிட்டது.

"மூணாவதுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று சும்மாதான் கேட்டாள்.

"பெயிண்ட் டப்பா. ஆரம் 7, உயரம் 15. சுத்தி மட்டும் காகிதம் ஒட்டணும், மேலயும் கீழயும் வேண்டாம்."

நிமிர்ந்து பார்த்தாள். "நாலு?"

"இரும்புக் குண்டு. உருக்கிச் சின்னச் சின்னதாக் குண்டு பண்றான். பெருசோட ஆரம் 6, சின்னது 1. எத்தனை கிடைக்கும்?"

"அஞ்சு?"

"வாளி. வாய் அகலம், அடி குறுகல். இடைக்கண்டம்னு போட்டு உயரம் 16, ஆரம் ரெண்டும் 20, 8."

அவள் எழுத ஆரம்பித்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். எனக்கே வியப்பாக இருந்தது. கேள்வியின் வார்த்தைகள் என் மண்டையில் நிற்பதில்லை. ஆனால் வாளி நின்றது, டப்பா நின்றது, கூடாரம் நின்றது. இருபது வருடமாக அளவு எழுதாமல் ஞாபகம் வைத்திருக்கும் தொழில். ஒருத்தியின் முகத்தைப் பார்த்தால் தோள் அளவும் கைச்சுற்றும் கூடவே வரும். அது இங்கே உதவும் என்று நான் நினைத்ததில்லை.

"ஆறு?"

"கூம்பு. ஆரம் 7, சாயுயரம் 5. வளைபரப்பு கேக்குது."

"பை ஆர் எல்." எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "22 பை 7 இண்ட்டு 7 இண்ட்டு 5. நூத்திப் பத்து. ஈஸி. ஏழு சொல்லு."

"இரு பாப்பா. அந்தக் கணக்கு சாயங்காலத்துல இருந்து எனக்கு உறுத்துது. அந்தக் கூம்பு நிக்காது."

"விடை வந்துருச்சேம்மா."

"விடை வருது. கூம்பு வரல."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அதைக் கணக்குப் பாஷையில் சொல்லத் தெரியவில்லை. பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, அவள் காம்பஸால் 5 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லி, கத்தரியால் வெட்டினேன்.

"அம்பர்லா பாவாடை வெட்டுறப்ப இடுப்பளவை ஆறேகாலால வகுப்பேன். இடுப்பு 28 அங்குலம்னா நாலரை அங்குலம் வச்சு வட்டம் போட்டா சுத்தளவு சரியா வரும். அதே கணக்குதான். கூம்போட துணி எங்க இருந்து வரும்? இந்த மாதிரி ஒரு வட்டத்துல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைச் சுருட்டணும். சாயுயரம்தான் வட்டத்தோட ஆரம். சரியா?"

"சரி."

"இந்த முழு வட்டத்தோட சுத்தளவு எவ்வளவு?"

தையல் டேப்பை எடுத்து விளிம்பில் வைத்தேன். அவள் கணக்குப் போட்டாள். இரண்டுமே 31க்குக் கொஞ்சம் மேல் வந்தது.

"கூம்போட அடிக்கு எவ்வளவு வேணும்? ஆரம் 7."

"44." பென்சில் நின்றது. "ஒரு துண்டு கூட வெட்டாம முழுசா வச்சாலும் பத்தல."

"அதான் சொன்னேன். துணி பத்தல."

அவள் அந்தக் காகித வட்டத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் நோட்டின் மூலையில் உயரம் கண்டுபிடித்துப் பார்த்தாள். 25இலிருந்து 49ஐக் கழித்தாள். கழித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்ப நீதாம்மா மாத்திச் சொல்ற. ஆரம் 5, சாயுயரம் 7ன்னு இருந்திருக்கும். டீச்சர் தப்பா எழுத மாட்டாங்க."

"இல்ல. 7, 5ன்னுதான் இருந்துச்சு."

"இருந்தா கூம்பே வராதுன்னு இப்ப நீதானே சொன்ன?"

நான் சொன்னதையே எனக்கு எதிராக வைத்தாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நாலு தடவை வாசித்தேன் என்பதைத் தவிர வேறு சாட்சி எதுவும் கிடையாது. வாசித்தது சரிதானா என்று மெல்ல எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. சரி, நீ சொல்கிற மாதிரியே எழுதிக்கொள் என்றேன். "5, 7" என்று திருத்தினாள். விடை மாறவில்லை. இரண்டையும் பெருக்குவதால் எப்படி மாற்றி வைத்தாலும் அதே நூற்றுப் பத்துதான் வருகிறது. எனக்கு இருந்த ஒரே சாட்சியையும் அந்தப் பெருக்கல் கலைத்துவிட்டது.

பத்து மணிக்குப் போன் அதிர்ந்தது. புதுப் படம். பாப்பா ஆறாவதைத்தான் முதலில் பார்த்தாள். ஆரம் 5, சாயுயரம் 7.

"பாத்தியா!"

"பாத்தேன்" என்றேன்.

அதற்கு அடியில் டீச்சரின் குரல் பதிவு ஒன்று இருந்தது. பின்னால் பேருந்து இரைச்சல். "பிள்ளைங்களா, முதல்ல அனுப்புன தாள்ல ஆறாவது கணக்குல ஆரத்தையும் சாயுயரத்தையும் மாத்தி எழுதிட்டேன். பஸ்ல வர்றப்பதான் கவனிச்சேன். யாரும் அப்படியே போட்டுப் பழகிறக் கூடாதுன்னு உடனே அழிச்சிட்டேன். சிக்னல் இல்லாம இப்பதான் அனுப்ப முடிஞ்சது. மன்னிச்சுக்கங்க."

பாப்பா ஒன்றும் பேசவில்லை. பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டாள். அப்புறம் போனை என் பக்கம் காட்டாமல் திருப்பி வைத்துக்கொண்டு வேகமாக ஏதோ தட்டினாள்.

"என்ன எழுதுற?"

"ஒண்ணுமில்ல."

பிடுங்கிப் பார்ப்பதற்குள் போய்விட்டது. 42 பேர் இருக்கிற குழுவில், என் பெயரில், என் படத்துக்குப் பக்கத்தில்: "ஆறாவது கணக்குல கூம்பு வராதுன்னு எங்க அம்மா முதல்லயே கண்டுபிடிச்சிட்டாங்க டீச்சர். அவங்களும் இந்த வருஷம் பத்தாவது எழுதுறாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்துத் தெருக்காரி அதில் இருக்கிறாள். துணி கொடுக்கிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

"அழி பாப்பா. எல்லார்கிட்ட இருந்தும் அழிக்கலாம்ல, டீச்சர் அழிச்ச மாதிரி. சீக்கிரம்."

"நீயே அழி" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாவது கணக்கைப் போட ஆரம்பித்தாள்.

அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்தேன். மேலே குப்பைத்தொட்டிப் படம் வந்தது. அதைத் தொடுவதற்குள் அடியில் டீச்சரின் பதில் வந்து விழுந்தது. இந்த முறை குரல் இல்லை, எழுத்து.

"அப்படியா! எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா. ஏழாவது போட்டுட்டாங்களா?"

செய்தியை விட்டுவிட்டேன். பாப்பா காகித வட்டத்தை என் முன்னால் தள்ளி வைத்தாள். ஏழாவது கூடாரக் கணக்கு. அதை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. "இருங்க டீச்சர்" என்று தட்டிவிட்டு, என் நோட்டைத் திறந்தேன்.