பதினோரு படி

"நம்ம கண்மாய் எந்த வருஷம் வத்துச்சு அப்பத்தா?" என்று கேட்டேன். தமிழ் ஐயா எழுதச் சொன்ன கதைக்கு ஒரு தேதி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பு.

"அதென்ன மாரடைப்பு வந்தா செத்துச்சு, தேதி சொல்ல?" என்றாள்.

அப்புறம் தானாகவே எழுந்து, செருப்பில்லாமல் கரைக்கு நடந்தாள். சிவகங்கைச் சீமையில் கண்மாய் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் கண்மாய்ப் படித்துறைக்குப் பதினோரு படி. அப்பத்தாவுக்கு வருஷக்கணக்கு கிடையாது, படிக்கணக்குதான்.

அவள் கல்யாணமாகி வந்தபோது ஐப்பசி கடைசியில் மேலே இரண்டு படிதான் தெரியுமாம். 1977 புயல் மழைக்கு அதுவும் மூழ்கி, கலுங்கில் மறுகால் பாய்ந்தது. ராத்திரி முழுக்க ஆம்பளைகள் மணல் மூட்டையோடு கரையில் காவல் நின்றார்கள். கோடையில் அய்யனாரைக் கும்பிட்டு, பெரியவர் துண்டை வீசியதும் ஊரே மீன் பிடிக்க ஊத்தாக் கூடையோடு இறங்கும்.

"உங்க தாத்தா ஒரு தடவ தொடத் தண்டி விரால் ஒண்ணப் பிடிச்சிட்டு, விட மனசில்லாம அதக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே சேத்துல உருண்டாரு." இதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அஞ்சு படி தெரிஞ்சுச்சு. மழை கம்மின்னோம். ஏழு படி தெரிஞ்சுச்சு. அடுத்த வருஷம் பேயும்னோம்."

வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வரத்துக்காலைத் தூர்வாருவது அந்தக்கால வழக்கம். வரவர ஆள் குறைந்தது. உர மூட்டை வந்தபின் வயலுக்குக் கரம்பை மண் அள்ள வண்டிகளும் உள்ளே இறங்கவில்லை. வரத்துக்காலை மறித்து ஒரு செங்கல் சூளை வந்தது. மிச்சத்தைச் சீமைக்கருவேலம் பார்த்துக்கொண்டது.

"மொதல்ல ஆள் அனுப்பாம விட்டது யாரு?"

பதில் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு நாலு படி இறங்கினாள்.

"நம்ம வீடுதான் தாயி. ஊர்லயே மொத மோட்டாரு நம்ம கெணத்துலதான் ஓடுச்சு. என் காதுத் தோட்ட வித்துத்தான் வாங்குனோம். பட்டன அமுக்குனா தண்ணி கொட்டுது, அப்புறம் எந்த ஆம்பள மம்பட்டியத் தூக்குவான்?"

அந்தக் கிணற்றை எனக்குத் தெரியும். நாங்கள் குப்பை கொட்டுவது அதில்தான்.

இன்னும் இறங்கினோம். ஒன்பதாவது படியோடு சரி, மீதி இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன. அப்பத்தா திரும்பி ஏழாவது படியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் கல்லைத் தடவினாள். ஓர் இடத்தில் கை நின்றது. கிண்ணம் மாதிரி ஒரு குழி.

"மஞ்ச ஒரசுன எடம். கோடையில தண்ணி இந்தப் படியில நிக்கும். எங்க மாமியா ஒரசுனது பாதி, நான் ஒரசுனது பாதி."

ராத்திரி போட்ட தூறலில் அந்தக் குழிக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் கிடந்தது. கருவேலங்காட்டிலிருந்து வந்த ஓர் ஆட்டுக்குட்டி எங்களைப் பார்த்துத் தயங்கியது. அப்பத்தா கையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அது வந்து குடித்தது.