விசா விண்ணப்ப நிலை அறிய வேண்டுதல்: திருமதி க. ராமாத்தாள், விண்ணப்பித்த நாள் 09.03.2026

பெறுநர்: விசா பிரிவு
நாள்: 07.04.2026, செவ்வாய்

மதிப்பிற்குரிய விசா பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாயார் திருமதி க. ராமாத்தாள் (வயது 58) குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு 09.03.2026 அன்று சென்னை விண்ணப்ப மையத்துக்கு நேரில் வந்து விண்ணப்பித்தார். இன்றோடு 29 நாள் ஆகிறது. மையத்தின் இணையப் பக்கத்தில் மார்ச் 12 முதல் "Under process" என்றே காட்டுகிறது. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன். ஈஸ்டர் விடுமுறையில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இன்றுவரை பொறுத்திருந்தேன்.

விவரங்கள்:
கடவுச்சீட்டில் உள்ள பெயர்: RAMATHAL KANDASAMY (குடும்பப் பெயர்க் கட்டம் காலி)
விண்ணப்ப எண்: MAA-090326-0047
கடவுச்சீட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம்: 4471 (முழு எண் இணைப்பு 1-இல்)
பயண நாட்கள்: 04.05.2026 முதல் 25.07.2026 வரை, 83 நாள்
காரணம்: உங்கள் நாட்டில் வசிக்கும் என் தங்கை வசந்தியின் பிரசவம். மருத்துவர் குறித்த நாள் 18.05.2026.

முடிவெடுக்க 15 நாள் என்பது பொது விதி என்றும், கூடுதலாக ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஷெங்கன் விசா விதிகளில் படித்தேன். அந்தக் கணக்கில் ஏப்ரல் 23 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்கு முன்பே முடித்துத் தரும்படி நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஏதாவது குறை இருந்து அதனால் விண்ணப்பம் நிற்கிறதென்றால், சரிசெய்ய எங்களுக்கு நாள் வேண்டும். அதனால் மூன்று கேள்விகள் மட்டும்:

1. கூடுதல் ஆவணம் எதுவும் தேவைப்படுகிறதா?

2. கைரேகை சரியாகப் பதிவாகியிருக்கிறதா? அம்மா தினமும் இரண்டு வேளை பால் கறக்கிறவர், விரல் ரேகை தேய்ந்திருக்கிறது. மையத்தில் வலது கை மூன்றாவது முறைதான் பதிந்தது. மறுபடி வர வேண்டுமென்றால் சொன்ன நாளில் கூட்டி வருகிறேன்.

3. பெயர் வேறுபாடு தடையாக இருக்கிறதா? தங்கையின் பிறப்புச் சான்றிதழில் (1994) தாய் பெயர் "ராமாயி" என்று இருக்கிறது. கடவுச்சீட்டிலும் ஆதாரிலும் "ராமாத்தாள்". ஊரில் கூப்பிடுகிற பெயர் ராமாயி. பிரசவ வார்டில் கேட்டபோது எங்கள் பாட்டி அதையே சொல்லிவிட்டார். இருவரும் ஒருவரே. எந்த வகைச் சான்று உங்களுக்கு ஏற்புடையது என்று சொன்னால் அதையே வாங்கி அனுப்புகிறேன்.

விமானச் சீட்டுக்கு முன்பதிவு மட்டும் செய்திருக்கிறோம், பணம் கட்டவில்லை. அதனால் அந்த வகையில் அவசரம் இல்லை.

அம்மாவின் சார்பில் நான் எழுத அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் இணைப்பு 2-இல் உள்ளது. கையெழுத்து தமிழில் இருக்கும், கடவுச்சீட்டிலும் அதே கையெழுத்துதான். தமிழில் எழுதலாம், ஆங்கிலப் பிரதி சேர்த்தால் போதும் என்று உங்கள் தகவல் எண்ணில் சொன்னார்கள். ஆங்கிலப் பிரதி இணைப்பு 3.

உங்கள் நேரத்துக்கு நன்றி.

இப்படிக்கு,
க. செந்தில்குமார்
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்
(தொலைபேசி எண் விண்ணப்பப் படிவத்தில் கொடுத்ததேதான்)

⁂

பெறுநர்: வசந்தி
நாள்: 07.04.2026
பொருள்: Fwd: விசா விண்ணப்ப நிலை அறிய வேண்டுதல்

அம்மிணி,

தூதரகத்துக்கு அனுப்பியதைக் கீழே வைத்திருக்கிறேன், பார்த்துக்கோ. நீ எழுதிக் கொடுத்ததில் முக்கால்வாசியை எடுத்துவிட்டேன், கோவிச்சுக்காதே. தலைப்பிரசவம், பக்கத்தில் ஆள் இல்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று நீ எழுதினது எல்லாம் நிஜம்தான், படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் விசா மேசையில் உட்கார்ந்திருக்கிறவர் தேடுவது எண்ணும் தேதியும்தான். கம்பெனியில் ஸ்டைல் நம்பர் போடாமல் "அர்ஜென்ட்" என்று மட்டும் வருகிற மெயிலை நானே கடைசியாகத்தான் திறப்பேன். பி.ஓ. நம்பரும் ஷிப்மென்ட் தேதியும் முதல் வரியில் இருந்தால் உடனே பதில் போய்விடும். அதே கணக்குத்தான் இங்கேயும்.

ஆளைப் பிடித்துச் சொல்லலாமா என்று மாப்பிள்ளை கேட்டார் இல்லையா, இப்போதைக்கு வேண்டாங்க என்று சொல்லிவிடு. 23-ஆம் தேதிவரை விதிப்படி அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் மேலிடத்தில் போய் நின்றால் நாம்தான் எதையோ மறைக்கிற மாதிரி தெரியும். நீயும் தனியாக மெயில் போடாதே. ஒரே விண்ணப்பத்துக்கு மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அவர்களுக்கு எதைப் பார்ப்பது என்று குழப்பம்.

பேர் விஷயத்தை நாமே எதற்குக் கிளப்ப வேண்டும் என்று நீ கேட்பாய். அவர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? அவர்களாகக் கண்டுபிடித்தால் சந்தேகம், நாமாகச் சொன்னால் விளக்கம்.

அம்மா நல்லாத்தான் இருக்கிறார். கருப்பட்டியும் சுக்கும் கட்டி வைத்தாயிற்று. "என்ற பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட பத்திரமா இருக்குதா கண்ணு?" என்று மட்டும் தினமும் கேட்கிறார்.

அண்ணன்

⁂

பெறுநர்: க. செந்தில்குமார்
நாள்: 09.04.2026
பொருள்: Re: விசா விண்ணப்ப நிலை அறிய வேண்டுதல்

திரு. செந்தில்குமார் அவர்களுக்கு,

தங்கள் மின்னஞ்சலும் ஒப்புதல் கடிதமும் கிடைத்தன. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. கைரேகைப் பதிவு சரியாக உள்ளது, மீண்டும் வர வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை 17.04.2026-க்குள் இதே மின்னஞ்சலுக்கு அனுப்பவும்:

அ) தாய்–மகள் உறவுக்கும், இரு பெயர்களும் ஒருவருடையதே என்பதற்கும் சான்று.
ஆ) அழைப்பவரின் வதிவிட அனுமதி 30.06.2026 அன்று முடிகிறது. விண்ணப்பதாரர் 25.07.2026 வரை தங்குவதாகக் குறிப்பிட்டுள்ளதால், அனுமதி புதுப்பிக்கப்பட்டதற்கான அல்லது புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான ஆவணம்.

முடிவு எடுக்கப்பட்டதும் விண்ணப்ப மையம் வழியாகத் தெரிவிக்கப்படும்.

விசா பிரிவு

⁂

பெறுநர்: விசா பிரிவு
நாள்: 13.04.2026, திங்கள்
பொருள்: Re: Re: விசா விண்ணப்ப நிலை அறிய வேண்டுதல்: MAA-090326-0047, கேட்ட ஆவணங்கள்

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டே நாளில் பதில் தந்ததற்கு நன்றி. கைரேகை பற்றிய கவலை தீர்ந்தது. நீங்கள் கேட்ட இரண்டும் இத்துடன் உள்ளன.

அ) உறவும் பெயரும்:

இணைப்பு 4: ராமாத்தாள், ராமாயி ஆகிய இரு பெயர்களும் தம்முடையவையே என்று அம்மா நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், 11.04.2026 தேதியிட்டது. ஆங்கிலத்தில் உள்ளது.

இணைப்பு 5: 2005-இல் அரசு வழங்கிய பழைய குடும்ப அட்டை. அதில் "ராமாத்தாள்" என்ற பெயரும், மகளாக வசந்தியின் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இப்போது ஸ்மார்ட் அட்டை வந்துவிட்டது, தங்கை திருமணமானதும் அதிலிருந்து பெயரை நீக்கிவிட்டோம். அதனால்தான் பழையதை அனுப்புகிறேன். ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி அட்டை கனத்துவிட்டதால் ஸ்கேனில் ஓரம் கொஞ்சம் மங்கல். பெயர்ப் பக்கத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, மொழிபெயர்ப்புடன் வைத்திருக்கிறேன்.

இணைப்பு 6: தங்கையின் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கம். அங்கே தாய் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி RAMAYI, தந்தை பெயர் KANDASAMY. அம்மாவின் கடவுச்சீட்டில் கணவர் பெயரும் KANDASAMY.

ஆ) வதிவிட அனுமதி:

இணைப்பு 7: என் மைத்துனர் பிரபு அனுமதியைப் புதுப்பிக்க 26.03.2026 அன்று விண்ணப்பித்ததற்கான ரசீது. புதிய அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. நாங்கள் விண்ணப்பித்த நாளில் இந்த ரசீதே இல்லாததால் முன்பு சேர்க்க முடியவில்லை. ஆனாலும் அனுமதி முடியும் தேதியை நாங்களே குறிப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வருந்துகிறேன்.

ஜூன் 30-க்குப் பிறகு தங்குவது கடினம் என்று நீங்கள் கருதினால், குறைந்த நாட்களுக்கு விசா கிடைத்தாலும் எங்களுக்குச் சம்மதம். பிரசவமும் அதற்குப் பிந்திய ஒரு மாதமும்தான் முக்கியம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு விவரம். அம்மா திரும்பி வருவதற்கு ஆதாரமாக 4 ஏக்கர் கொறங்காட்டின் பட்டாவையும் சிட்டாவையும் முதலிலேயே கொடுத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பில் அது "தரிசு நிலம்" என்று வந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அது தரிசு அல்ல, கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப் புல் வளர்த்து மாடு மேய்க்கிற மேய்ச்சல் நிலம். எங்கள் ஆறு மாடுகளும் அங்கேதான் மேய்கின்றன. மாடுகளை விட்டு வர முடியாததால்தான் அப்பா இந்தப் பயணத்தில் சேரவில்லை. திருத்திய மொழிபெயர்ப்பு இணைப்பு 8.

வேறு எதுவும் தேவைப்பட்டால் தெரிவியுங்கள், அன்றே அனுப்புகிறேன். நாளை சித்திரை முதல் நாள், இங்கே விடுமுறை. ஆனாலும் மின்னஞ்சலைப் பார்ப்பேன்.

நன்றியுடன்,
க. செந்தில்குமார்
(திருமதி க. ராமாத்தாள் சார்பில்)

இணைப்புகள்: 4 முதல் 8 வரை, மொத்தம் 11 பக்கம், ஒரே பி.டி.எஃப். கோப்பாக. இந்த மின்னஞ்சலின் ஆங்கிலப் பிரதி தனிக் கோப்பில்.