ஒற்றைச் சிலம்பு: கொலைக்களக் காதை முதல் வழக்குரை காதை வரை

வழக்குரை காதையை வகுப்பில் தொடங்கும் முன் இந்தக் கதைச்சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கண்ணகி பாண்டியன் வாயிலில் வந்து நிற்பதிலிருந்துதான் நம் பாடம். ஆனால் அவள் கையில் ஏன் ஒரே ஒரு சிலம்பு இருக்கிறது, இன்னொன்று எப்படி அரண்மனைக்குப் போனது என்று தெரியாவிட்டால் அந்த வழக்கே புரியாது. சென்ற ஆண்டு பலர் "ஊழ்வினையால் கோவலன் கொல்லப்பட்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இளங்கோவடிகள் ஊழைச் சொல்கிறார், சரி. அந்த ஊழ் எந்தெந்த மனிதர்கள் வழியாக வந்து சேர்ந்தது என்பதையும் அவர் அடி அடியாகக் காட்டியிருக்கிறார். அதை விட்டுவிட்டால் கதையில் மிஞ்சுவது அந்த ஒரு வரிதான்.

சிலப்பதிகாரத்தில் 3 காண்டங்கள், 30 காதைகள். இங்கே சுருக்கியிருப்பது மதுரைக் காண்டத்தின் நடுப்பகுதி, 16 முதல் 20 வரையுள்ள காதைகள்.

முதலில் முன்கதை, சுருக்கமாக. புகார் நகரத்து வணிகன் கோவலன் மாதவியோடு வாழ்ந்து முன்னோர் சேர்த்த பெருஞ்செல்வத்தைத் தொலைத்தான். கடற்கரையில் அவள் பாடிய கானல்வரியைக் கேட்டு, வேறொருவனை நினைத்துப் பாடுகிறாள் என்று தவறாக எண்ணி அவளைப் பிரிந்தான். வீடு திரும்பியவனிடம் கண்ணகி "சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். அந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரையில் வணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்று அவன் முடிவு செய்தான். விடியும் முன்பே இருவரும் புறப்பட்டார்கள். வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், மதுரைக்கு வெளியே ஆயர்குலத்து மாதரி என்ற மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார்.

இனி கொலைக்களக் காதை. அந்தக் கடைசிச் சமையலைக் கவிஞர் அவசரமே இல்லாமல் சொல்கிறார். மாதரி அவர்களுக்குத் தனி மனை கொடுத்து, காய்கறி, அரிசி, பால், நெய், மோர் எல்லாம் தருகிறாள். கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, வியர்வை வழியச் சமைக்கிறாள். மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். பனையோலைத் தடுக்கில் உட்கார்ந்த கோவலனின் அடிகளைக் கண்ணகி கழுவி, தரையில் நீர் தெளித்து, வாழையிலை விரித்துப் பரிமாறுகிறாள். மயங்கிக் கிடக்கும் நிலமகளை எழுப்புபவள் போல நீர் தெளித்தாளாம். நிலமகள் எதற்காக மயங்க வேண்டும்? வரப்போவது அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

சாப்பிட்டு முடித்ததும் கோவலன் மனம் உடைகிறான். பெற்றோரைத் தவிக்கவிட்டேன், உனக்குச் சிறுமை செய்தேன், "எழு" என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்கிறான். கண்ணகி தவறை மூடி மறைக்கவில்லை. போற்றத் தகாத ஒழுக்கத்தில் நடந்தீர்கள் என்றே சொல்கிறாள். உங்கள் சொல்லை மாற்றாத உள்ளம் எனக்கு, அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள். இந்தப் பேச்சு இங்கே இல்லாமல் போனால், பின்னால் அவையில் அவள் எழுப்பும் குரல் திடீரென்று முளைத்ததாகத் தெரியும். நேரில் உண்மை பேசுவது அவளுக்கு முன்பே உள்ள குணம்.

அப்புறம் கோவலன் ஒரு சிலம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறான். "இதை விற்று வருகிறேன், கலங்காதே" என்று சொல்லிப் புறப்படுகிறான். இணையில் ஒன்று கண்ணகியிடமே தங்கிவிட்டது. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். தெருவில் ஒரு காளை அவனை நோக்கிப் பாய்ந்து வருகிறது. ஆயர்களுக்கு அது கெட்ட சகுனம். வணிகர் குலத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாததால் நடந்துகொண்டே இருக்கிறான்.

கடைவீதியில் எதிரே நூறு கொல்லர்கள் பின்தொடர, சட்டை அணிந்து கைக்கோல் பிடித்து ஒரு பொற்கொல்லன் வருகிறான். பாண்டியனிடம் பெயர் பெற்றவன் போலும் என்று எண்ணி, "அரசன் தேவிக்கு ஏற்ற கால் சிலம்பு ஒன்று, உன்னால் விலை மதிக்க முடியுமா?" என்று கோவலன் கேட்கிறான். தன் பொருளின் மதிப்பைச் சொல்லத்தான் தேவியை இழுத்தான். கேட்டவனோ, ஏற்கெனவே அந்தத் தேவியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவன். பொதியை அவிழ்த்துக் காட்டியதும், இது கோப்பெருந்தேவிக்குத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது, அரசரிடம் சொல்லி வருகிறேன், என் குடில் அருகே இருங்கள் என்கிறான். கோவலன் பக்கத்திலிருந்த கோயில் மதிலுக்குள் போய்க் காத்திருக்கிறான்.

கொல்லன் மனத்தில் ஓடிய கணக்கு இதுதான்: நான் எடுத்தது வெளியே வருவதற்குள், ஊருக்குப் புதியவனான இவனைக் காட்டி என்மேல் வரும் ஐயத்தைப் போக்கிக்கொள்வேன். கோவலன்மேல் அவனுக்கு எந்தப் பகையும் இல்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான். கேட்க ஆளில்லாத வேற்றூரான் அதற்கு வசதியாகக் கிடைத்தான்.

அதே நேரம் அரண்மனையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஆடல் மகளிரின் ஆட்டமும் பாட்டும் அரசன் நெடுஞ்செழியனின் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று தேவிக்கு ஊடல். தலைவலி என்று காரணம் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் அமைச்சர்களை விட்டுவிட்டு அந்தப்புரம் நோக்கிப் போகிறான். வாயிலிலேயே கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் எதையும் விசாரிக்கவில்லை. காவலர்களை அழைத்து, என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்கிறான்.

இந்த ஆணையை நன்றாகக் கவனியுங்கள். அதில் "இருந்தால்" என்ற நிபந்தனை இருக்கிறது. ஆனால் அது தேவியின் சிலம்புதானா என்று யார் பார்ப்பது? உடன் போவது கொல்லன் மட்டுமே. குற்றம் சாட்டியவனே சாட்சி, அவனே சோதிப்பவன். அமைச்சர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவராவது கேட்டிருப்பார். அவர்கள் ஏன் பக்கத்தில் இல்லை என்பதற்குத்தான் ஊடல் கதை வருகிறது. அதைச் சுருக்கத்தில் விட்டுவிடாதீர்கள்.

காவலர்கள் வந்தார்கள். சிலம்பைப் பார்க்க அரசர் அனுப்பியவர்கள் என்று கோவலனிடம் சொல்லிவைத்து, கொல்லன் அவர்களைத் தனியே அழைத்துப் பேசுகிறான். காவலர்களுக்கோ ஐயம்: இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டும் கள்வர்களுக்குத் துணை என்று நீளமாக விளக்குகிறான். ஓர் இளங்காவலன், மழை இருட்டில் ஒரு கள்வன் தன் வாளைப் பறித்து மறைந்த கதையைச் சொல்கிறான். ஒருவருக்கும் கை எழவில்லை, என்ன செய்வது என்று ஒருவரையொருவர் கேட்டு நிற்கிறார்கள். அப்போது கல்வியறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் வாளை வீசிவிட்டான். கோவலன் உடலை அது குறுக்கே வெட்டியது. அவனிடம் யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அவன் பேசியிருந்தால் "இணைச் சிலம்பு என் மனைவியிடம் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும்.

ஆயர் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீமை வருகிறது என்று அஞ்சிய மாதரி, கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்கட்டும் என்று, கண்ணகியும் காணக் குரவைக் கூத்து ஆடச் செய்கிறாள். கூத்து முடிந்ததும் நகரத்திலிருந்து செய்தி வந்தது. கண்ணகி கதிரவனைப் பார்த்து "கள்வனோ என் கணவன்?" என்று கேட்க, கள்வன் அல்லன், இந்த ஊரைத் தீ உண்ணும் என்று குரல் எழுந்தது. மீதமிருந்த சிலம்பைக் கையில் ஏந்தித் தெருவில் நடந்தாள். வெட்டுண்டு கிடந்த கணவனைத் தழுவினாள். அவன் எழுந்து அவள் கண்ணீரைத் துடைத்து, "நீ இங்கே இரு" என்று சொல்லி வானுலகம் போனான். அவள் அங்கே இருக்கவில்லை, அரண்மனைக்கு நடந்தாள்.

வழக்குரை காதை இங்கே தொடங்குகிறது. குடையும் செங்கோலும் விழுவதாகத் தான் கண்ட கெட்ட கனவைத் தேவி அரசனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணகி வாயிலுக்கு வந்துவிட்டாள். அழைத்து வரச் சொல்லி, யார் நீ என்று அரசன் கேட்கிறான். "தேரா மன்னா" என்று தொடங்குகிறாள். ஆராயாத மன்னனே என்பது பொருள். வசையாக மட்டும் இதைப் படிக்காதீர்கள். அவன் செய்த பிழை எதுவோ அதையே முதல் சொல்லில் வைக்கிறாள். புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர், உன்னால் கொல்லப்பட்ட கோவலன் மனைவி, என் பெயர் கண்ணகி என்கிறாள்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல, அரசநீதி என்கிறான் பாண்டியன். அவள் சட்டத்தை வாதிடவில்லை. நேரே பொருளுக்குப் போகிறாள்: என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல். நல்லது சொன்னாய், எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொல்கிறான். இதைச் சொன்னால் தனக்கு ஆபத்து என்று அவன் மழுப்பவில்லை. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறான். கண்ணகி அதை உடைக்கிறாள். பரல் ஒன்று அரசன் வாய் அருகே தெறித்தது. மாணிக்கம்.

காலையில் கோவலன் எடுத்துச் சென்ற சிலம்பே அது. அதைக் கொல்லனும் காவலர்களும் கையில் வைத்துப் பார்த்திருந்தார்கள், உள்ளே பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குடை தாழ, செங்கோல் தளர, பொன்செய் கொல்லன் சொல்லைக் கேட்ட "யானோ அரசன், யானே கள்வன்", என் ஆயுள் கெடுக என்று சொல்லிப் பாண்டியன் விழுந்து இறந்தான். கணவனை இழந்தவர்களுக்கு ஆறுதலாகக் காட்ட எதுவும் இல்லை என்று நடுங்கிய தேவி, அவன் அடிகளைத் தொழுது விழுந்தாள்.

நாளை நூலைக் கொண்டு வாருங்கள். வாயிற்காவலன் கண்ணகியைப் பற்றி அரசனுக்குச் சொல்லும் அடிகளிலிருந்து தொடங்குவோம்.