ஆச்சா மரமும் ஒரு மத்திமமும்: எபிசோடு ஸ்கிரிப்ட்

விருந்தினர்: நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ஆசாரி ஐயா. படப்பிடிப்பு அவருடைய பட்டறையிலேயே. கேமரா இரண்டு போதும்.

00:00 முன்னோட்டம்
குழலைக் கடையும் சத்தம் மட்டும். இசை சேர்க்க வேண்டாம்.
தொகுப்பாளர்: "வணக்கம். கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்டிருப்போம். அந்த நாகஸ்வரத்தைச் செய்த கையைப் பார்த்திருக்கிறோமா? இந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்க, உள்ளே போகலாம்."

01:10 மரம்
"ஐயா, புது மரம் இருக்க, பழைய வீட்டு உத்தரத்தைத் தேடி ஏன் அலையணும்?"
இடைக்காட்சி: பிரித்துப்போட்ட வீட்டின் ஆச்சா மரத் துண்டு, ஆணி இருந்த கறுப்பு ஓட்டை, அதைத் தடவும் விரல். ஈரம் வற்றிய மரம்தான் வெடிக்காது, வளையாது என்பதை அவரே சொல்லட்டும். நாம் முந்திக்கொள்ளக் கூடாது.
எதிர்வினை 1: பழைய துண்டையும் புதுத் துண்டையும் கையில் கொடுக்கிறோம். அவர் தட்டிப் பார்ப்பார். முகமும் விரலும் ஒரே ஃப்ரேமில் வேண்டும்.

05:30 திமிரியும் பாரியும்
இந்த எபிசோடின் உயிர் இதுதான். எடிட்டில் இதில் கை வைக்காதீர்கள்.
"திமிரி வகை நாகஸ்வரம் நீளம் குறைவு, சுருதி அதிகம். அதில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாது என்பது வித்வான்களுக்கு இருந்த குறை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆச்சாரி பாரி என்ற நீளமான நாகஸ்வரத்தைச் செய்து அந்தக் குறையைத் தீர்த்தார். அளவு மாறினால் ஒரு ஸ்வரமே மாறுமா ஐயா?"
இடைக்காட்சி: இரண்டு குழல்களும் பாயில் பக்கத்தில் பக்கத்தில், மேலிருந்து ஒரே ஷாட். விரல் வைக்கும் 7 துளைகள். கீழே மெழுகால் அடைத்துச் சுருதி சரிசெய்யும் துளைகள்.
எதிர்வினை 2: கொல்லைப்புறத்தில் உள்ளூர் வித்வான் இரண்டிலும் அதே மத்திமத்தை வாசிப்பார். எது எது என்று ஐயாவிடம் சொல்லக் கூடாது. முதல் ஸ்வரம் முடிந்ததும் தொகுப்பாளர் வாயைத் திறக்காமல் பத்து விநாடி காத்திருக்கணும். ஐயா சொன்ன பிறகே வித்வான் உள்ளே வருவார். வாசிப்பில் குறை சொன்னாலும் வெட்டாமல் வைப்போம். அந்தக் காது எப்பேர்ப்பட்டது என்று பார்ப்பவருக்கு அங்கேதான் புரியும்.

14:00 சீவாளி
குழலின் மேல்முனையில் பொருத்தி ஊதும் சீவாளியைப் பற்றிச் சுருக்கமாக: கொருக்குத் தட்டையில் செய்வது, வித்வான் எச்சிலில் நனைத்துப் பதப்படுத்துவது. ஒரு நெருக்கக் காட்சி, அப்புறம் நகர்ந்துவிடலாம்.

16:20 கூலி
"ஒரு குழலுக்கு எத்தனை நாள் உழைப்பு ஐயா? அதற்கு என்ன கிடைக்கிறது? உங்கள் பிள்ளைகள் இதைச் செய்வார்களா?"
எதிர்வினை 3: கேள்வியை முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுகிறோம். கண் கலங்கினால் ஜூம் வேண்டாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் பட்டறைக் கருவிகளுக்குக் கேமராவைத் திருப்பு.

19:40 முடிவு
"நாகஸ்வரம் கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், குழல் வாங்க நேராக இந்தத் தெருவுக்கு வாருங்கள். ஐயா, முதல் குழல் வாங்குகிற பிள்ளை எதைப் பார்த்து வாங்கணும்?"
அவர் பதிலோடு நிறுத்தம். ஒப்புதல் தந்தால் மட்டும் தொலைபேசி எண் திரையில்.